அம்பு யாருக்கு? ஓர் உணவு வலைப் படத்தை எங்கள் வகுப்பு வாசித்த விதம்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. உணவு வலை பற்றிய கேள்வி ஐந்து மதிப்பெண். அந்தப் பாடத்தை முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வகுப்பில் வைத்த சிறு தேர்வில், பாடநூலில் இருக்கும் அதே படத்தைக் கொடுத்துக் கேட்டபோது ஏறத்தாழ எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். புல், வெட்டுக்கிளி, எலி, தவளை, பாம்பு, ஆந்தை, பருந்து, பூஞ்சை என்று எட்டுப் பெயர்கள் உள்ள படம் அது. வெட்டுக்கிளி இல்லாமல் போனால் தவளை குறையும், எலி பெருகினால் பாம்பும் பெருகும் என்றெல்லாம் தயங்காமல் எழுதினார்கள். பாடம் ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

காலாண்டில் வேறு படம் வந்தது. அண்டார்டிகக் கடலின் உணவு வலை. மிதவைத் தாவரங்களிலிருந்து கிரிலுக்கு ஓர் அம்பு. கிரிலிலிருந்து அடேலி பென்குயினுக்கும் நீலத் திமிங்கிலத்துக்கும் ஒவ்வோர் அம்பு. பென்குயினிலிருந்து சிறுத்தைச் சீலுக்கு இன்னொன்று. கிரில் பெருமளவு குறைந்தால் பென்குயினுக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. வகுப்பில் பாதிக்கும் மேல், 'பென்குயினைத் தின்ன ஆள் இல்லாததால் பென்குயின் பெருகும்' என்று எழுதியிருந்தார்கள்.

கிரில் என்பது இறால் போன்ற உயிரி, சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அது பென்குயினைத் தின்னாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் யாரும் கிரிலைப் பார்த்ததில்லை. ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கிரிலுன்னா பெரிய மீனாக்கும்னு நெனச்சேன் சார்" என்றான். அவன் மேல் தவறில்லை. பெயர் தெரியாத உயிரியைப் பற்றி அவனுக்குக் கிடைத்த ஒரே செய்தி அந்த அம்புதான். அந்த அம்பைத்தான் அவன் வாசித்திருக்கிறான், தலைகீழாக. உணவு வலையில் அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகும்.

என்னை உறுத்தியது அடுத்த உட்கேள்விக்கு வந்த பதில்தான். 'இந்த வலையில் உற்பத்தியாளர் எது?' என்று கேட்டதற்கு மூன்று பேர் சிறுத்தைச் சீல் என்று எழுதியிருந்தார்கள். முதலில் இதைக் கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அம்பு 'தின்னும்' என்ற பொருளில் போகிறது என்று வைத்துக்கொண்டால் அதுதான் சரியான விடை. பென்குயின் சீலைத் தின்கிறது, சீலிலிருந்து எந்த அம்பும் கிளம்பவில்லை, அப்படியானால் சீல் எதையும் தின்பதில்லை, எதையும் தின்னாதது உற்பத்தியாளர். அந்த மூன்று பேரும் வகுப்பிலேயே மிக ஒழுங்காகப் படம் வாசித்தவர்கள். தொடக்கத்தில் கொண்ட பொருள் ஒன்றுதான் பிசகியிருந்தது.

அப்படியானால் பாடநூல் படத்துக்கு எல்லோரும் எப்படிச் சரியாக எழுதினார்கள்? எங்கள் பள்ளி கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம். சுற்றிலும் குளமும் வயலும். தவளை பூச்சி பிடிப்பதையும் சாரைப்பாம்பு எலி வளைக்குள் நுழைவதையும் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் படத்தை வாசிக்கவே இல்லை. தெரிந்த பெயர்களைப் பார்த்துத் தெரிந்த செய்தியை எழுதினார்கள். அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். பழகிய உயிரிகள் உள்ள படம் இந்தத் தவறை மறைத்துவிடுகிறது, பழகாத உயிரிகள் வந்ததும் அது வெளியே தெரிகிறது.

பெயரை எடுத்துவிட்டுக் கேட்டது

இதை உறுதிசெய்ய மறுநாள் ஒரு துண்டுத்தாள் கொடுத்தேன். அதில் உயிரிகளே இல்லை, எழுத்துகள் மட்டும்தான். ப-விலிருந்து க-வுக்கும் ம-வுக்கும் அம்பு. அந்த இரண்டிலிருந்தும் ட-வுக்கு அம்பு. ட-விலிருந்து ற-வுக்கு அம்பு. கேள்விகள் மூன்று: தன் உணவைத் தானே தயாரிப்பது எது? யாராலும் தின்னப்படாதது எது? ட எதைத் தின்னும்?

சரியாக வாசிப்பவர்கள் ப, ற, 'க-வும் ம-வும்' என்று எழுதுவார்கள். தலைகீழாக வாசிப்பவர்கள் ற, ப, 'ற' என்று எழுதுவார்கள். இரண்டும் கலந்து வந்தால், அந்தப் பிள்ளை ஊகித்து எழுதுகிறது என்று பொருள். மூன்று கேள்விகளில் ஒருவர் எந்த வகை என்று தெரிந்துவிடுகிறது, அதற்கு உயிரியல் அறிவு எதுவும் தேவையில்லை. எங்கள் வகுப்பில் தலைகீழ்க் கூட்டம்தான் பெரியது. கலந்து எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆக இது குழப்பம் அன்று, ஒரே மாதிரியான, உறுதியான இன்னொரு வாசிப்பு. அந்த வாசிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் 'அம்பு உண்பவரை நோக்கிப் போகும்' என்று நூறு முறை எழுதச் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது.

காரணத்தைச் சொன்னது ஒரு மாணவி. "அம்புன்னா எய்யதுல்லா சார்? வேட்டைக்காரன்ட்ட இருந்து மானுக்க மேலதானே போவும்?"

நான் இத்தனை ஆண்டுகளில் இப்படி யோசித்ததே இல்லை. தமிழில் அந்தக் குறியின் பெயரே ஆயுதம். அம்பு வில்லிலிருந்து கிளம்பி இரையின் உடலில் தைக்கும். வேட்டையைப் பற்றிய படத்தில் அம்பு போட்டுவிட்டு, அது இரையிடமிருந்து வேடனை நோக்கி வருகிறது என்று சொன்னால் ஒரு பிள்ளை எப்படி ஏற்கும்? வாக்கிய அமைப்பும் இதற்குத் துணை போகிறது. 'தவளை வெட்டுக்கிளியைத் தின்னும்' என்று சொல்லும்போது தின்பவர்தான் முதலில் வருகிறார். படத்தில் இடப்பக்கம் முதலில் இருப்பது வெட்டுக்கிளி. அதை எழுவாயாக வைத்து, அம்பைத் 'தின்னும்' என்று வாசித்தால் 'வெட்டுக்கிளி தவளையைத் தின்னும்' என்றுதான் வரும். படத்தின் அடியில் 'உணவு வலை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. அம்பு எதைக் குறிக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

நான்காம் வேற்றுமை

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி தமிழாசிரியையுடையது. இதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பிள்ளைங்க அம்ப இரண்டாம் வேற்றுமையா வாசிக்காங்க சார். அது நான்காம் வேற்றுமை இல்லியா?"

அவர் சொன்னதை அப்படியே வகுப்பில் கொண்டுபோய் வைத்தேன். அம்பின் முனை எந்தப் பெயரைத் தொடுகிறதோ அந்தப் பெயரோடு 'ஐ' சேர்க்காதீர்கள், 'கு' சேருங்கள். நெல் எலிக்கு. எலி பாம்புக்கு. வெட்டுக்கிளி தவளைக்கு. கிரில் பென்குயினுக்கு. வினைச்சொல்லே வேண்டாம், அம்பை 'க்கு' என்று வாசித்தால் போதும். எழுத்துப் படத்திலும் இது வேலை செய்தது: ப க-வுக்கு, க ட-வுக்கு, ட ற-வுக்கு. யாருக்கு யார் சாப்பாடு என்று உடனே தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'க்க' என்பது உடைமையைக் காட்டும். 'எனக்க வீடு', 'அவனுக்க மாடு' என்போம். ஒருவன் எழுந்து 'வெட்டுக்கிளி தவளைக்க' என்று வாசித்தான். மற்றவர்கள் திருத்தப் பார்த்தார்கள், நான் விட்டுவிட்டேன். வெட்டுக்கிளி தவளையுடையது என்று ஆனாலும் திசை சரிதானே.

தமிழாசிரியை இன்னொன்றும் சொன்னார். அதுதான் இந்த விஷயத்தின் உள்ளே என்னைக் கூட்டிப்போனது. நான்காம் வேற்றுமைக்குப் பள்ளி இலக்கணத்தில் பல பொருள்கள் உண்டு: கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை, எல்லை. இரையும் வேட்டையும் என்பதால் இங்கே 'பகை' என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உணவு வலை அம்பின் பொருள் 'அதுவாதல்'. மோதிரத்துக்குப் பொன் என்கிறோமே, பொன் மோதிரமாக ஆகிறது, அந்தக் 'கு'. வெட்டுக்கிளி தவளைக்கு என்றால் வெட்டுக்கிளியின் உடலில் இருந்த பொருள் தவளையின் உடலாக ஆகிறது. அதன் தசையில் இருந்த நைட்ரஜன் தவளையின் தசையில் போய்ச் சேர்கிறது. அந்த மூலக்கூறுகளில் கட்டுண்டு கிடந்த ஆற்றல் தவளை தாவுவதற்குப் பயன்படுகிறது.

சூழலியலர்கள் அம்பை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். யார் யாரைத் துரத்துகிறார் என்பதைவிட எது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், 1942-இல் வெளியான கட்டுரையில், ஏரியின் உயிர்களை எல்லாம் ஆற்றல் கைமாறும் படிகளாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் அம்பு என்பது வேட்டை அன்று, ஓட்டம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் இறங்கி மடை வழியாக வயலுக்கு வருவதைக் காட்ட நாம் அம்பு போட்டால் வயல் பக்கம்தானே முனையை வைப்போம்? அதே மாதிரி.

சேதாரமும் செய்கூலியும்

மோதிரத்துக்குப் பொன் என்ற உதாரணம் வகுப்பில் இன்னொரு கதவைத் திறந்தது. எட்டு கிராம் பொன் கொடுத்தால் எட்டு கிராம் மோதிரம் வருமா என்று ஒரு பெண் கேட்டாள். அவள் வீட்டில் அப்போது கல்யாணத்துக்கு நகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேதாரம் போகும், செய்கூலி போகும் என்று அவளே பதிலும் சொன்னாள்.

படத்தில் எல்லா அம்பும் ஒரே தடிமன். எலியில் உள்ளதெல்லாம் ஆந்தைக்குப் போகிறது என்பது போல் ஒரு தோற்றம் வருகிறது. அப்படிப் போவதில்லை என்பதற்குச் சான்று எங்கள் பள்ளியிலேயே கிடந்தது. பழைய ஓட்டுக் கட்டடத்தின் மச்சில் ஒரு கூகை தங்கியிருக்கிறது, வெள்ளை முகம் உள்ள ஆந்தை. அது எலியை முழுசாகவோ பெரும்பாலும் முழுசாகவோ விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் இரைப்பையில் தங்கி, சில மணி நேரம் கழித்துக் கறுத்த உருண்டையாக வெளியே கக்கப்படும். அந்த உருண்டைகள் மச்சுக்குக் கீழே தரையில் விழுந்து கிடக்கும்.

நாலைந்து உருண்டைகளைப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, கொதிநீரை ஊற்றி ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தோம். எலி மண்டையோட்டை அடையாளம் காண்பது எளிது. முன்னால் மஞ்சள் படிந்த நீண்ட வெட்டுப்பற்கள், அப்புறம் பல்லே இல்லாத ஓர் இடைவெளி, அதற்குப் பின்னால்தான் கடைவாய்ப் பற்கள். ஓர் உருண்டையில் வேறு மாதிரி மண்டையோடு கிடைத்தது. நீண்டு கூரானது, பல்வரிசையில் அந்த இடைவெளி இல்லை. அது மூஞ்சூறு. மூஞ்சூறு கூகைக்கு என்ற அம்பு பாடநூல் படத்தில் கிடையாது. பிள்ளைகள் தங்கள் படத்தில் அதைச் சேர்த்தார்கள். ஓர் அம்பை வரைய என்ன ஆதாரம் வேண்டும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. கூகை எலி தின்னும் என்று யாரோ சொன்னதால் வரைவது வேறு, மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரைவது வேறு.

அந்த உருண்டைதான் சேதாரம். எலியின் உடலில் இருந்து கூகைக்குள் போகாமல் திரும்பி வந்த பங்கு. எச்சமாகப் போவதும் சேதாரம்தான். செய்கூலி கண்ணுக்குத் தெரியாது. செரித்து உள்ளே போனதில் பெரும்பங்கு பறப்பதற்கும், உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கும், மூச்சுக்கும் செலவாகி வெப்பமாக வெளியே போய்விடும். பறவைகளிலும் பாலூட்டிகளிலும் செரித்த ஆற்றலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் புதிய உடலாகத் தங்கும். பாம்பு அப்படியில்லை. உடம்பைச் சூடாக வைக்க அது உணவை எரிப்பதில்லை, ஆகவே செய்கூலி குறைவு. எலி கூகைக்கு, எலி பாம்புக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு அம்புகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், தின்ற எலியில் உடலாக நிற்பது பாம்பில்தான் அதிகம்.

ஒரு முழு வலையில் இந்தக் கழிவு எவ்வளவு என்று அளந்து காட்டியவர் சூழலியலர் ஹோவர்ட் ஓடம். ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் அவர் செய்த ஆய்வு 1957-இல் வெளியானது. அங்கே ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டில் தாவரங்கள் சூரிய ஒளியிலிருந்து கட்டிய ஆற்றல் 20,810 கிலோ கலோரி. தாவர உண்ணிகளிடம் போய்ச் சேர்ந்தது 3,368. அவற்றைத் தின்னும் உயிர்களிடம் 383. உச்சியில் இருந்தவற்றிடம் வெறும் 21. அடுத்தடுத்த படிக்குப் போனது நூற்றுக்குப் பதினாறு, பதினொன்று, ஐந்தரை. 'ஒவ்வொரு படியிலும் பத்து சதவீதம்' என்று நாம் மனப்பாடம் செய்வது கணக்குக்கு வசதியான ஒரு சராசரி மட்டுமே. பிள்ளைகள் தங்கள் படத்தில் அம்புகளைக் கீழிருந்து மேலே போகப்போக மெல்லிதாக்கி வரைந்தார்கள். உச்சியில் பருந்துக்குப் போன அம்பு ஊசியாகத்தான் இருந்தது. ஊர்ப் பரப்பில் எலி ஏராளம் இருக்க, பருந்து ஏன் ஒன்றிரண்டுதான் தெரிகிறது என்பதற்கு அந்தத் தடிமனே பதில் சொல்லிவிட்டது.

எதிர்த்திசையில் போவது

திசையைப் புரிந்துகொண்ட பிறகு புதிதாக ஒரு சிக்கல் வந்தது. பாடநூலின் பயிற்சிக் கேள்வி: 'பாம்புகள் எல்லாம் அழிந்துவிட்டால் புல்லுக்கு என்ன ஆகும்?' முன்பு சரியாக எழுதிய சிலர் இப்போது 'ஒன்றும் ஆகாது' என்று எழுதினார்கள். "பாம்புல இருந்து புல்லுக்கு அம்பே போவலியே சார். மேலதானே போவுது?"

இது மேலும் நுட்பமான தவறு. அம்பு காட்டுவது உணவு போகும் பாதையை. பாதிப்பு அந்தப் பாதையில் மட்டும் போவதில்லை, எதிர்த்திசையிலும் வரும். கூகை எலியைத் தின்னும்போது ஆற்றல் கூகைக்குப் போகிறது, எலியின் எண்ணிக்கை குறைவது எலிக்கு வந்த பாதிப்பு. வயலில் கூகை வந்து உட்காருவதற்காக டி வடிவில் கம்பு நட்டு வைக்கிறார்கள். கும்பப்பூ நாற்று நட்ட பிறகு எங்கள் பக்கத்து வயல்களிலும் அந்தக் கம்புகளைப் பார்க்கலாம். அந்தக் கம்பின் பயன் முழுக்க அம்பின் எதிர்த்திசையில்தான் நடக்கிறது: கூகை கூடும், எலி குறையும், நெல் மிஞ்சும். ஒரு மாணவனின் பாட்டா விவசாயி. எலி வளையை வெட்டினால் உள்ளே கதிராக அடுக்கி வைத்திருக்கும் என்று அவர் வந்து சொன்னதைப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். அந்தக் கதிர் எலிக்குப் போவது அம்பு. அதைக் கூகை தடுப்பது படத்தில் இல்லை, நாமாக வாசித்து எடுக்க வேண்டியது.

சரி, பாம்பு அழிந்தால் புல்லுக்கு என்ன ஆகும்? கையேடுகளில் உள்ள விடை 'எலி பெருகும், புல் குறையும்'. நாங்கள் படத்தில் விரல் வைத்து எல்லாப் பாதையையும் தொட்டுப் பார்த்தோம். பாம்பு இல்லை, எலி கூடும், புல் குறையும். இது ஒரு பாதை. பாம்பு இல்லை, தவளை கூடும், வெட்டுக்கிளி குறையும், புல் கூடும். இது இன்னொரு பாதை. இரண்டும் அதே படத்தில்தான் இருக்கின்றன, இரண்டும் சரி, விடை மட்டும் எதிரெதிர். இடையில் ஒரு படி கூடினால் கூட்டல் கழித்தலாகிவிடும், கழித்தல் கூட்டலாகிவிடும்.

எது வெல்லும் என்று படம் சொல்லாது. அதற்கு வேறு செய்திகள் வேண்டும். அந்த இடத்துப் பாம்பு எலியை அதிகம் தின்கிறதா, தவளையையா? சாரை என்றால் எலி கணிசம், தண்ணீர்ப்பாம்பு என்றால் தவளையும் மீனும்தான். பாம்பு விட்ட எலியைக் கூகை பிடித்துக்கொள்ளுமா? புல்லை அதிகம் அழிப்பது எலியா, வெட்டுக்கிளியா? இவை தெரியாமல் 'புல் குறையும்' என்று ஒரே விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுவது நியாயமில்லை என்பது என் முடிவு. அன்று முதல் இரண்டு பாதைகளையும் எழுதி, எது வலுவாக இருக்கும் என்பதற்குக் காரணம் சொல்பவர்களுக்குத்தான் முழு மதிப்பெண் போடுகிறேன். ஒரு பாதையை மட்டும் எழுதியவர்களுக்கும் அந்தப் பாதைக்கு உரியதை வெட்டுவதில்லை.

பூஞ்சையிலிருந்து புல்லுக்கு

பாடநூல் படத்தில் ஓர் அம்பு பூஞ்சையிலிருந்து புல்லுக்குப் போகிறது. 'க்கு' வைத்துப் படித்துக்கொண்டே வந்த பிள்ளைகள் இங்கே நின்றுவிட்டார்கள். பூஞ்சை புல்லுக்கு என்றால் புல் பூஞ்சையைத் தின்னுமா?

தின்னாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் செத்த உடலையும் சருகையும் சிதைத்து நைட்ரஜன், பாஸ்பரஸ் சேர்ந்த எளிய உப்புகளை மண்ணில் விடுகின்றன. புல்லின் வேர் அந்த உப்புகளை எடுத்துக்கொள்கிறது. அந்த உப்புகளில் புல் எரித்துப் பயன்படுத்தும்படியான ஆற்றல் இல்லை. ஆற்றலுக்கு அதற்குச் சூரியன் இருக்கிறது. ஆக இந்த அம்பில் பொருள் போகிறது, ஆற்றல் போகவில்லை. சூரியனிலிருந்து புல்லுக்கு அம்பு போட்டால் அது இதற்கு நேர் எதிர்: ஆற்றல் போகிறது, பொருள் போகவில்லை. நடுவில் உள்ள மற்ற அம்புகளில் இரண்டும் சேர்ந்து போகின்றன. மூன்று வேறு சங்கதிகளை ஒரே கறுப்புக் கோட்டில் வரைந்துவிட்டதால்தான், ஆற்றலும் சுற்றிச்சுற்றி வருகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தங்கிவிடுகிறது. சத்துகள் சுற்றி வரும். ஆற்றல் ஒவ்வொரு கையிலும் வெப்பமாகக் கசிந்து போய்விடும், பூஞ்சையிலும் அப்படித்தான், திரும்பி வராது.

நாங்கள் சுவரில் ஒட்டிய படத்தில் உணவு அம்புகளுக்குப் பச்சை, சூரியனுக்கு மஞ்சள், உப்புகளுக்குக் காவி என்று மூன்று நிறம் வைத்தோம். புல்லுக்குப் பதில் நெல். காவி அம்பு மட்டும்தான் வட்டத்தை மூடியது.

அந்தச் சுவர்ப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு அம்புகள் எதிரும் புதிருமாக ஓடுகின்றன, தவளைக்கும் தும்பிக்கும் நடுவில். முதலில் தும்பி தவளைக்கு என்று ஒரே அம்புதான் இருந்தது. வயல் ஓரத்து நீரில் வலை போட்டுப் பார்த்த நாளில், தும்பியின் இளம்பூச்சி ஒரு தலைப்பிரட்டையைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. தும்பி பறக்கத் தொடங்கும் முன் தண்ணீருக்குள் வாழும் பருவத்தில் தலைப்பிரட்டையைத் தின்னும். வளர்ந்த பிறகு அதே தும்பியை வளர்ந்த தவளை நாக்கை நீட்டிப் பிடிக்கும். ஓர் உயிரிக்கு ஒரு பெயர்தான், ஆனால் வாழ்நாளில் இரண்டு வாய். இதை வரைய வேண்டுமானால் தலைப்பிரட்டையையும் தவளையையும் தனித்தனியாகப் போட வேண்டும், தும்பியையும் அப்படியே. இடம் போதாமல் இரண்டு அம்புகளோடு விட்டுவிட்டோம்.

அரையாண்டுக்கு முன்னால் மறுபடியும் எழுத்துப் படம் கொடுத்தேன், எழுத்துகளை மாற்றி. தலைகீழ் வாசிப்பு ஏறத்தாழ மறைந்திருந்தது. ஒருவன் மட்டும் இன்னும் பழையபடியே எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி 'க்கு' சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அது பிடிபடவில்லை, அம்பு என்ற சொல்லை விட்டு அவன் மனசு நகரவில்லை. பக்கத்தில் இருந்த அவன் கூட்டாளி பென்சிலை வாங்கி, அம்பின் கோட்டை அழித்துவிட்டு முனையை மட்டும் விட்டான். வெட்டுக்கிளி > தவளை. "லே, இது அம்பு இல்ல. தவளைக்க வாய். எந்தப் பக்கம் தொறந்திருக்குன்னு பாரு."

முனையின் விரிந்த பக்கம் வெட்டுக்கிளியைப் பார்த்துத் திறந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் தன் தாளில் இருந்த ஒவ்வோர் அம்பு முனையின் மேலும் ஒரு சின்னக் கண் வரையத் தொடங்கினான்.